பிரீகாஸ்ட் சிலாப் எத்தனை கிலோ? கிரேனோ செயின் பிளாக்கோ தாங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றிலும் ஒரே சிலாப்பைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அது தரையடித் தண்ணீர்த் தொட்டியை மூடும் சிலாப். நீளம் 3 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், வரைபடத்தில் கனம் 150 மி.மீ. ஒரு ஓரமாக 600 × 600 மி.மீ. ஆள் இறங்கும் திறப்பு. நான்கு தூக்குக் கொக்கிகள். தளத்திலேயே வார்த்து, பிறகு தூக்கி வைக்க வேண்டியது. உங்கள் சிலாப்பின் அளவு வேறாக இருந்தாலும் கணக்குப் போகும் பாதை இதுதான்.

சிலாப்போட எடையை எடை மேடை இல்லாம எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கன அளவைக் கண்டுபிடித்து, ஒரு கனமீட்டருக்கு 2,500 கிலோ என்று பெருக்க வேண்டும். தளத்தில் நின்றபடியே போட இப்படி வைத்துக்கொள்ளலாம்:

```
எடை (கிலோ) = நீளம் (மீ) × அகலம் (மீ) × கனம் (மி.மீ.) × 2.5
எடை (கிலோ) = நீளம் (அடி) × அகலம் (அடி) × கனம் (அங்குலம்) × 5.9
```

நம் சிலாப்புக்கு 3 × 1.5 × 150 × 2.5 = 1,687 கிலோ. திறப்பில் கான்கிரீட் இல்லை, அதற்கு 0.6 × 0.6 × 150 × 2.5 = 135 கிலோ கழித்தால் 1,552 கிலோ. இது வரைபடத்தின்படி வரும் எடை. கொக்கியில் தொங்கப்போகும் எடை இதைவிட அதிகம். எவ்வளவு அதிகம், ஏன் அதிகம் என்பதுதான் மீதிக் கேள்விகளுக்கெல்லாம் அடிப்படை.

அடியையும் மீட்டரையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். நீளத்தையும் அகலத்தையும் அடியில் எடுத்துவிட்டு, கனத்தை மட்டும் வரைபடத்தில் பார்த்து மி.மீ.-இல் போடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கிற பிழை.

உள்ளே இருக்கிற கம்பியோட எடையைத் தனியாக் கூட்டணுமா?

வேண்டாம். கம்பி இல்லாத கான்கிரீட் கனமீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ. கன அளவில் ஒரு சதவீதம் கம்பி இருந்தால் ஏறக்குறைய 55 கிலோ கூடும், இரண்டு சதவீதம் என்றால் 110 கிலோ. 2,500 என்ற எண்ணுக்குள் இது அடங்கிவிடுகிறது. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கனமீட்டருக்கு 25 கிலோநியூட்டன் என்கிறது. கிலோவில் அது சுமார் 2,550. இந்த இரண்டு சதவீத வித்தியாசத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கனத்தில் வரும் பிழை அதைவிடப் பல மடங்கு பெரியது.

உள்ளே நீளவாக்கில் குழாய் போல வெற்றிடம் விட்ட ஹாலோகோர் சிலாப்புக்கும், ஏஏசி போன்ற எடைகுறைந்த பலகைக்கும் இந்த எண் பொருந்தாது. அவற்றுக்குத் தயாரித்தவர் கொடுக்கும் எடையையே எடுங்கள். ஹாலோகோர் மழையில் கிடந்திருந்தால் அந்த வெற்றிடங்களில் தண்ணீர் நின்றிருக்கும். அடியில் விட்டிருக்கும் வடிகால் ஓட்டைகள் அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் தூக்கக் கூடாது.

டிராயிங்ல 150 மி.மீ. தானே போட்டிருக்கு, அதையே எடுத்துக்கலாம்ல?

எடுக்கக் கூடாது, டேப் வைத்து அளக்க வேண்டும். நீளமும் அகலமும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், தவறுவது கனம்தான். தரை சமமாக இல்லாத இடத்தில் வார்த்தால் நடுவில் தாழ்ந்து கனம் கூடும். மேலே மட்டக்கட்டை சரியாக இழுக்காவிட்டாலும் கூடும். பக்கப் பலகையின் மேல் விளிம்பு வரை பார்த்தால் 150 இருக்கும், நடுவில் 170 ஆகியிருக்கும்.

நான்கு மூலைகளிலும், நீள விளிம்புகளின் நடுவிலும், திறப்பின் நான்கு உள் விளிம்புகளிலும் அளந்து சராசரி எடுங்கள். திறப்பு ஒரு நல்ல வாய்ப்பு. சிலாப்பின் உட்பகுதிக் கனத்தைத் துளை போடாமல் பார்க்க முடிவது அங்கே மட்டும்தான். நம் சிலாப்பில் சராசரி 165 மி.மீ. வந்ததாக வைத்துக்கொள்வோம். திறப்பு போக நிகரப் பரப்பு 4.14 சதுர மீட்டர். 4.14 × 165 × 2.5 = 1,708 கிலோ. வெறும் 15 மி.மீ. வித்தியாசம் 155 கிலோவைக் கூட்டிவிட்டது. மெல்லிய சிலாப்பில் இது இன்னும் மோசம். 75 மி.மீ. வாய்க்கால் மூடியில் அதே 15 மி.மீ. கூடினால் எடை ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடும்.

அடியில் விளிம்பு பீம் இருந்தால் அதைத் தனிக் கன அளவாகச் சேர்க்க வேண்டும். மேலே பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றால் 10 மி.மீ. ஆழத்துக்குச் சதுர மீட்டருக்கு 10 கிலோ. தூக்கும் முன் கூட்டித் தள்ளிவிடுவது சுலபம்.

சரி, 1.7 டன்தானே வருது? எங்ககிட்ட 2 டன் செயின் பிளாக் இருக்கு, போதாதா?

வார்த்த இடத்திலிருந்து முதன்முதலாகக் கிளப்புவதற்குப் போதாது. சிலாப் அடித்தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சிமென்ட் பால் பலகையின் நுண்ணிய பள்ளங்களில் பிடித்திருக்கும். அதோடு, சிலாப்பைச் சற்றே தூக்கியதும் அடியில் காற்று நுழைய இடமில்லாமல் உறிஞ்சல் ஏற்படும். எடையைத் தூக்குவதோடு இந்தப் பிடிப்பையும் பிய்த்தாக வேண்டும்.

தூக்கு ஆங்கர் தயாரிப்பாளர்களின் கையேடுகளில் இதற்கு எடுக்கும் குறைந்தபட்ச மதிப்புகள் இவை: எண்ணெய் தடவிய எஃகுத் தட்டு அல்லது பிளாஸ்டிக் பூச்சுள்ள பிளைவுட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1 கிலோநியூட்டன், அதாவது சுமார் 100 கிலோ, வார்னிஷ் போட்டு இழைத்த மரப்பலகைக்கு 2, சொரசொரப்பான மரப்பலகைக்கு 3 கிலோநியூட்டன்.

நம் சிலாப்புக்கு அடிப்பரப்பு 4.14 சதுர மீட்டர். எண்ணெய் தடவிய தட்டில் வார்த்திருந்தால் ஒட்டல் சுமார் 420 கிலோ. சிலாப் 1,708, ஷாக்கிள், பெல்ட் முதலியவற்றுக்கு 60 என்று வைத்தால் மொத்தம் ஏறக்குறைய 2,190 கிலோ. 2 டன் செயின் பிளாக் இங்கேயே தோற்றுவிட்டது. எண்ணெய் தடவாத சொரசொரப்பான பலகை என்றால் ஒட்டல் மட்டும் 1,270 கிலோ, மொத்தம் 3 டன்னைத் தாண்டும். அப்போது 3 டன் செயின் பிளாக்கும் போதாது.

செயின் பிளாக் மேல் 125 அல்லது 150 சதவீதச் சுமையில் சோதித்தது என்று சான்றிதழில் எழுதியிருக்கலாம். அது தொழிற்சாலைச் சோதனை. தளத்தில் அந்த அளவுக்கு ஏற்ற அனுமதி இல்லை. இன்னொன்றும் உண்டு. செயின் பிளாக் 3 டன் என்றால் அதைத் தொங்கவிடும் முக்காலியும் கேன்ட்ரியும் 3 டன்னைத் தாங்க வேண்டும், கூடவே செயின் பிளாக்கின் சொந்த எடையையும் கைச்சங்கிலியை இழுக்கும் விசையையும் தாங்க வேண்டும். முக்காலியின் கால்களைச் சுற்றிச் சங்கிலி கட்டாவிட்டால், வழுவழுப்பான தரையில் கால் விரிந்து போகும். செயின் பிளாக்கின் தகட்டைப் பார்ப்பவர்கள் முக்காலியின் தகட்டைத் தேடுவதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

ஒட்டலைக் குறைக்க என்ன பண்ணலாம்?

வார்க்கும் முன்னால் செய்வதுதான் உண்மையில் பலன் தருவது. தட்டில் ஃபார்ம் ஆயிலை மெல்லிய படலமாக, விடுபடாமல் தடவுங்கள். தரையில் வார்ப்பதானால் சுருக்கமில்லாமல் பாலித்தீன் விரியுங்கள். சுருக்கத்துக்குள் கான்கிரீட் போனால் அதுவே பிடித்துக்கொள்ளும். திறப்பின் உள்பலகையை நான்கு பக்கமும் லேசாகச் சரிவாக வையுங்கள். நேர் செங்குத்தாக இருந்தால் சிலாப் அதில் இறுகி, கிரேன் பலகையையும் சேர்த்தே இழுக்கும்.

தூக்கும் நாளில் முதலில் பக்கப் பலகைகளை முழுதாகக் கழற்றுங்கள். பிறகு ஒரு குறுகிய விளிம்பில் மர ஆப்பையோ கடப்பாரையையோ கொடுத்து 5, 10 மி.மீ. கிளப்புங்கள். காற்று உள்ளே போனதும் உறிஞ்சல் விடும். கிரேனாக இருந்தாலும் அந்த விளிம்புப் பக்கம் மட்டும் மெதுவாக இழுத்து, காற்று நுழைய விட்டுப் பிறகு முழுதாகத் தூக்கலாம்.

நான்கு மூலையும் ஒட்டியிருக்கும்போது ஒரேயடியாக இழுத்தால் என்ன ஆகும்? பெல்ட் இறுகும், பூம் வளையும், எதுவும் அசையாது. பிறகு ஒரு கணத்தில் மொத்தமாக விடுபடும். வளைந்திருந்த பூம் எகிறும், சிலாப் மேலும் கீழும் குதிக்கும். கொக்கி பிடுங்கிக்கொண்டு வருவதும் சிலாப்பில் குறுக்கே விரிசல் விழுவதும் பெரும்பாலும் இந்தக் கணத்தில்தான். பெல்ட் இறுகியும் சிலாப் அசையவில்லை என்றால் இழுப்பதை நிறுத்துங்கள். இறக்கிவிட்டு எங்கே பிடித்திருக்கிறது என்று தேடுங்கள்.

14 டன் ஹைட்ரா கூப்பிட்டா 1.7 டன்னெல்லாம் ஒண்ணுமே இல்லையே?

வண்டியில் எழுதியிருக்கும் 14 டன் என்பது பூமை முழுதாகச் சுருக்கி, கொக்கியை வண்டிக்கு மிக அருகில் வைத்தால் கிடைப்பது. பூம் நீள நீள, கொக்கி வண்டியை விட்டு விலக விலக அந்த எண் வேகமாக இறங்கும். கிரேன் உடைவதற்கு முன்னால் முன்சக்கரத்தை ஊன்றிக் குப்புற விழப்பார்க்கும். அதைத் தடுப்பது வண்டியின் சொந்த எடைதான். அதனால் சுமையைவிடச் சுமை × தூரம் என்ற பெருக்கல்தான் முக்கியம்.

நம் சிலாப்பைத் தொட்டியின் மேல் வைக்கும்போது சிலாப்பின் மையம் எங்கே வரும் என்பதை முதலில் டேப்பால் அளக்க வேண்டும். சிலாப் 3 மீட்டர் நீளம். நீளவாக்கில் வண்டியை நோக்கி இருந்தால் மையத்திலிருந்து 1.5 மீட்டர் வண்டிப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டிக்குழியின் ஓரத்தில் சக்கரத்தை நிறுத்த முடியாது, மண் சரியும். குழியின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது தள்ளி நிற்பது தளத்தில் கடைப்பிடிக்கும் குறைந்தபட்ச வழக்கம். 2 மீட்டர் ஆழக் குழியின் நடுவில் வைக்கும்போது தூரம் சாதாரணமாகவே 3, 4 மீட்டர் ஆகிவிடும். இடையில் காம்பவுண்டுச் சுவரும் இருந்தால் 6 மீட்டர்.

இப்போது வண்டியின் கேபினில் ஒட்டியிருக்கும் சுமை அட்டவணையைப் பாருங்கள். உதாரணத்துக்கு, அந்தப் பூம் நீளத்தில் 6 மீட்டருக்கு அட்டவணை 2.1 டன் காட்டுகிறது என்று வைப்போம். ஒட்டல் இல்லாமல் நம் சுமை 1,708 + 60 = 1,768 கிலோ. இது 84 சதவீதம். அட்டவணை எண்ணில் முக்கால் பங்குக்கு மேல் போகாமல் திட்டமிடுவதே எங்கள் பரிந்துரை. ஆகவே வண்டியை அருகில் கொண்டுவர வழி தேட வேண்டும், இல்லையென்றால் பெரிய கிரேன். ஓட்டுநர் "தூக்கிடலாம்" என்பது 3 மீட்டரைப் பார்த்துச் சொன்னதா, 6 மீட்டரைப் பார்த்துச் சொன்னதா என்று கேளுங்கள்.

அட்டவணையைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். தூரத்தை எங்கிருந்து அளந்திருக்கிறார்கள் என்பது ஒன்று: சில வண்டிகளில் முன் பம்பரிலிருந்து, சுழலும் கிரேன்களில் சுழல் மையத்திலிருந்து. கொக்கிக் கட்டையின் எடையை அட்டவணை ஏற்கெனவே கழித்திருக்கிறதா என்பது இன்னொன்று; கழிக்கவில்லை என்றால் அதையும் சுமையோடு சேர்க்க வேண்டும். தூக்கிக்கொண்டே நகரும்போதும், வண்டியின் இடுப்பு வளைந்து திரும்பியிருக்கும்போதும், தரை பக்கவாட்டில் சாய்ந்திருக்கும்போதும் அட்டவணையின் எண் அப்படியே கிடைக்காது.

பெல்ட்டைக் குட்டையாப் போட்டா என்ன, நீளமாப் போட்டா என்ன? எடை ஒண்ணுதானே?

கிரேனுக்கு எடை ஒன்றுதான். பெல்ட்டுக்கும் சிலாப்பில் பதித்த கொக்கிக்கும் அப்படியில்லை. பெல்ட் படுக்கையாகச் சாயச் சாய அதில் ஏறும் இழுவை கூடும். தரைமட்டத்திலிருந்து 60 டிகிரி சாய்வில், நேராகத் தொங்கும்போது வருவதைப் போல் 1.15 மடங்கு. 45 டிகிரியில் 1.41 மடங்கு. 30 டிகிரியில் இரண்டு மடங்கு.

கொக்கிகள் நீளவாக்கில் விளிம்பிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு உள்ளே, அதாவது சுமார் 620 மி.மீ.; அகலவாக்கில் 310 மி.மீ. அப்படி வைத்தால் சிலாப் தன் எடையில் மிகக் குறைவாக வளையும். நம் சிலாப்பில் எதிரெதிர் மூலைக் கொக்கிகளுக்கு இடையே சுமார் 1.97 மீட்டர் வரும். பெல்ட்டின் ஒவ்வொரு காலும் அதே 1.97 மீட்டர் இருந்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணமாகி, சாய்வு சரியாக 60 டிகிரி ஆகிவிடும். கோணமானி தேவையில்லை, மூலைவிட்டத் தூரத்தை அளந்து, கால் அதைவிடக் குட்டையாக இல்லாமல் பார்த்தால் போதும். 1.4 மீட்டர் காலைப் போட்டால் 45 டிகிரிக்கு இறங்கிவிடும்.

கால் நீளமானால் கொக்கி உயர வேண்டும், பூமும் உயர வேண்டும். கேன்ட்ரியில் உயரம் பற்றாது என்று பெல்ட்டைக் குறுக்குகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தூக்கு பீம் போடுங்கள். அதன் எடையைச் சுமையோடு சேர்க்க மறக்காதீர்கள்.

நாலு கொக்கி இருக்கே, எடை நாலாப் பிரிஞ்சிடும்ல?

பிரியும் என்று நம்பக் கூடாது. சிலாப் விறைப்பானது, நான்கு பெல்ட்டும் மி.மீ. சுத்தமாக ஒரே நீளம் இருக்காது. எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு பெல்ட்டுகள் இறுகி, மற்ற இரண்டும் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும் வேலையை மட்டும் செய்யும். அதனால் இரண்டு கால்களே முழுச் சுமையைத் தாங்குவதாகக் கணக்கிட வேண்டும்.

எண்ணெய் தடவிய தட்டிலிருந்து கிளப்பும்போது 1,708 + 420, அதாவது சுமார் 2,130 கிலோ. ஒரு காலுக்குப் பாதி, 1,065. 60 டிகிரியில் அது 1,230 கிலோ ஆகிறது, 45 டிகிரியில் 1,500, 30 டிகிரியில் 2,130. ஆக, 2 டன் தாங்கும் பச்சை நிற பெல்ட் 60 டிகிரியில் வசதியாகப் போதும். 30 டிகிரியில் அதுவே போதாது. நான்காகப் பிரியும் என்று நினைத்து 1 டன் ஊதா பெல்ட்டைப் போட்டிருந்தால் 60 டிகிரியிலேயே மிகைச்சுமை. நிறத்தை மட்டும் நம்பாமல் தைத்திருக்கும் லேபிளையும் படியுங்கள். லேபிள் பிய்ந்துபோன பெல்ட்டை ஒதுக்கிவிடுங்கள். கான்கிரீட் விளிம்பில் பெல்ட் நேரடியாக உரசினால் அறுக்கும். மூலைக் காப்பு வேண்டும்.

தூக்கினா ஒரு பக்கம் சாயுது. ஏன்?

திறப்பு இருக்கும் பக்கம் எடை குறைவு. நம் சிலாப்பில் திறப்பின் மையம் சிலாப்பின் நடுவிலிருந்து 0.9 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் எடை மையம் எதிர்ப்பக்கமாக 78 மி.மீ. நகர்கிறது. கன அளவுகளை வைத்து 0.054 × 0.9 ÷ 0.621 என்று இதைப் போடலாம். நான்கு பெல்ட்டும் ஒரே நீளம் என்றால் கிரேன் கொக்கி சிலாப்பின் நடுவுக்கு மேலே நிற்கும். சிலாப் கனமான பக்கம் தாழ்ந்து தொங்கும். திறப்பு இல்லாத பக்கத்துப் பெல்ட்டுகளைச் சற்றுக் குறுக்கினால் மட்டமாகும். சங்கிலி ஸ்லிங்கில் குறுக்கும் கொக்கியால் இதைச் செய்வது எளிது. வார்க்கும் முன்பே தெரிந்தால் நான்கு கொக்கிகளையும் அதே 78 மி.மீ. நகர்த்திப் பதிப்பதுதான் நல்ல தீர்வு.

பழைய தொட்டி மூடியைத் தூக்கணும். கனமே தெரியாது. என்ன செய்ய?

ஆள் இறங்கும் திறப்பின் விளிம்பில் அளங்கள். திறப்பும் இல்லை என்றால் ஒரு சிறிய துளை போட்டு, கம்பியை வளைத்து விட்டு அடிமட்டத்தைப் பிடித்து அளங்கள். மேலே பூச்சும் டைலும் இருந்தால் அதுவும் எடைதான்: 50 மி.மீ. பூச்சு சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல், நம் அளவுச் சிலாப்பில் 430 கிலோ வரும்.

பெரிய ஆபத்து எடையில் இல்லை, சுவரோடு பிடித்திருக்கும் கலவையில் இருக்கிறது. அந்தப் பிடிப்பு எவ்வளவு என்று யாராலும் கணக்கிட முடியாது. சுற்றிலும் உள்ள கலவையைச் செதுக்கி, கட்டருக்கு எட்டும் இடத்தில் வெட்டி, கடப்பாரையாலோ ஜாக்கியாலோ நெம்பி அசைத்துப் பார்த்த பிறகே கொக்கி மாட்ட வேண்டும். பழைய கொக்கிகளை நம்பாதீர்கள். வெளியே தெரியும் கம்பி நன்றாக இருந்தாலும் கான்கிரீட்டுக்குள் நுழையும் கழுத்தில் துரு தின்றிருக்கும். நெம்பிக் கிளப்பி, கட்டை கொடுத்து, அடியில் பெல்ட்டைச் சுற்றித் தூக்குங்கள். கழிவுநீர்த் தொட்டியாக இருந்தால் பெல்ட் மாட்ட யாரும் குனிந்து உள்ளே தலையை நீட்டக் கூடாது. அந்த வாயு ஆளைக் கொல்லும்.

எடையை நேரடியாப் பார்க்கவே முடியாதா?

முடியும். ஒரே அளவில் பல சிலாப்புகள் இருந்தால் எடை மேடைதான் மலிவான வழி. லாரியை வெறுமையாக ஒரு சீட்டு, ஆறு சிலாப் ஏற்றி ஒரு சீட்டு. வித்தியாசத்தை ஆறால் வகுங்கள். ஒற்றைச் சிலாப்புக்குக் கொக்கியில் மாட்டும் கிரேன் தராசு வாடகைக்குக் கிடைக்கும். கிரேனில் சுமை காட்டும் திரை இருந்தால், தரையிலிருந்து 10 செ.மீ. தூக்கி ஆட்டம் நின்ற பிறகு படியுங்கள். கணக்கில் 1,708 வந்து திரை 1.9 காட்டினால், கனத்தை அளந்ததில் தவறியிருக்கிறது அல்லது பலகை ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது. இறக்கிப் பாருங்கள்.

வார்த்து எத்தனை நாள்ல தூக்கலாம்?

நாளை எண்ணுவதைவிட வலிமையைப் பாருங்கள். சிலாப்போடு சேர்த்து வார்த்து, அதன் பக்கத்திலேயே வைத்து க்யூரிங் செய்த கான்கிரீட் கியூப்களை நசுக்கிப் பார்த்து, வடிவமைத்தவர் கொடுத்த அளவு வந்த பிறகே தூக்க வேண்டும். பல வரைபடங்களில் இது 15 நியூட்டன்/ச.மி.மீ. என்று இருக்கும். இளம் கான்கிரீட்டில் எடை கிரேனுக்குச் சரியாக இருந்தாலும் கொக்கி கூம்பாகப் பெயர்ந்து வரும். கொக்கிக்கு வழுவழுப்பான எம்.எஸ். கம்பி போடுங்கள். முறுக்குக் கம்பியை வளைத்து நிமிர்த்தினால் வளைவில் முறியக்கூடும்.

ஜேசிபி பக்கெட் பல்லில் சங்கிலி மாட்டித் தூக்கலாமா?

கூடாது. பல்லில் சங்கிலி வழுக்க எந்தத் தடையும் இல்லை, பக்கெட் சுருண்டால் கழன்றுவிடும். தயாரிப்பாளர் கொடுத்த தூக்குக் கண் பொருத்தியிருந்து, அந்தக் கைநீளத்துக்கான தூக்கு அட்டவணையும் இருந்தால் மட்டுமே பேசலாம். கை முழுதாக நீண்ட நிலையில் அந்த எண் 1.7 டன்னுக்குக் கீழே போய்விடலாம். அட்டவணையில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.